யீல்டு ஏறினால் விலை இறங்கும்

"வட்டி ஏறினா யீல்டு ஏறும், கையில இருக்கிற பாண்டு விலையும் ஏறும். என்ஐஎஸ்எம் பங்குச்சந்தைத் தேர்வுப் பேப்பர்ல அப்படித்தான் டிக் பண்ணேன்" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இதையொட்டி இன்னும் மூவர் எழுதியிருக்கிறார்கள்.

முதல் பாதி சரிங்க, பின்பாதி தலைகீழ். யீல்டு என்பது பாண்டை இன்றைய விலைக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருமான விகிதம். முகமதிப்பு 1,000 ரூபாய், ஆண்டுக்கு 7 சதவீதக் கூப்பன், அதாவது 70 ரூபாய் வட்டி, இன்னும் 5 ஆண்டு பாக்கி உள்ள பாண்டு ஒன்று என்று வையுங்கள். வட்டி 8 சதவீதமாக ஏறி, புதுப் பாண்டு 80 ரூபாய் தரும்போது உங்கள் 70 ரூபாய்க்கு யார் முழு ஆயிரம் கொடுப்பார்? வரப்போகும் தொகைகளை 8 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 960 ரூபாய்தான் நிற்கிறது. அதுவே வட்டி 6 சதவீதமாக இறங்கினால் 1,042. இறக்கம் 40, ஏற்றம் 42. இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தேர்வில் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

கோபிசெட்டிபாளையத்து அண்ணன், வட்டி ஏறினால் விலை இறங்கும் என்றது சரி. "கூப்பனும் கூடிரும்" என்றதுதான் இடிக்கிறது. நிலையான கூப்பனில் அந்த 70 ரூபாய் அசையாது.

பொள்ளாச்சி அக்கா, வட்டி ஏறியும் உங்கள் எஃப்டி மதிப்பு ஏன் குறையவில்லை என்று கேட்டீர்கள்; காரணம், அதைச் சந்தையில் யாரும் விலை பேசுவதில்லை. பாண்டு அப்படியில்லை.

இப்போதே விற்கலாமா என்று கேட்ட திருப்பூர்த் தம்பிக்கு: முதிர்வு வரை வைத்திருந்தால், வெளியிட்டவர் கைவிரிக்காதவரை 1,000 வரும். பணம் எப்போது தேவைப்படும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.