பஸ் குறூப்பில் இல்லாதவர்கள்

கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், எது என்று கேட்காதீர்கள். மத்தியானம் சாப்பாட்டு அறையில் பெரிய மேசை எப்போதும் நிறைந்திருக்கும். புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற எங்களில் ஒருவரும் அதில் இல்லை. "யாழ்ப்பாணத்தார் எங்களை ஒதுக்குகினம்" என்று கனபேர் இதை ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது அரைவாசி உண்மையாகத்தான் படுகிறது.

அந்த மேசை அலுவலகத்தில் உருவானதில்லை, பஸ்ஸில் உருவானது. விடிய யாழ்ப்பாணத்தில் ஏறினால் ஏ9 வீதியால் ஒன்றரை மணித்தியாலம், பின்னேரம் திரும்ப அவ்வளவு. ஒருவருக்கொருவர் சீட் பிடித்து, பிள்ளைகளின் காய்ச்சல் கதையிலிருந்து சீட்டுக்காசு வரை பேசி முடித்தவர்கள், மத்தியானமும் சேர்ந்து சாப்பிடாமல் என்ன செய்வார்கள்? "பஸ் கொடிகாமம் தாண்டிட்டுது, ஓடி வாங்கோ" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குறூப்பும் தேவை. அதில் நான் இல்லாதது நியாயம்தான். (ஆனால் மேசையில் புதிதாக வந்து இருக்கிறவரிடம் "நீங்கள் எந்த இடம், ஆற்ர ஆள்?" என்று துருவுகிற அந்தக் கேள்வி பஸ்ஸால் வந்ததில்லை. அது எதற்குக் கேட்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.)

பிரச்சினை எங்கே தொடங்கும் என்றால், பொறுப்பதிகாரியும் அதே பஸ்ஸில் போகும்போது. வாழ்வாதார உதவிப் பயனாளிகள் பட்டியலுக்கான கூட்டம் பின்னேரம் இரண்டு மணிக்கு என்றுதான் அலுவலகக் குறூப்பில் கிடந்தது. முதல்நாள் பஸ்ஸில் வரும்போது அதைக் காலை பத்து மணிக்கு மாற்றிவிட்டு பஸ் குறூப்பில் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சொன்னது தேநீர் கொண்டுவந்த அலுவலக உதவியாளர் அண்ணை. அப்போது ஒன்பதரை. தருமபுரம் பக்கத்துப் பட்டியலை நான் அரைகுறையாகத்தான் கொண்டுபோனேன். கூட்டத்தில் "இவ எப்பவும் இப்படித்தான்" என்ற மாதிரி ஒரு பார்வை.

இந்த இடத்தில் கை துடிக்கும். அலுவலகக் குறூப்பில் "எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை" என்று போடத் தோன்றும். போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குறூப்பில் ஒருவரும் பதில் எழுதமாட்டார்கள், ஸ்கிரீன்ஷொட் மட்டும் மற்றக் குறூப்புக்குப் போகும், அடுத்தநாள் மேசையில் அதுதான் கதை. பஸ் குறூப்பில் என்னையும் சேருங்கோ என்று கேட்பதும் சரிவராது. சேர்த்தாலும் அவர்கள் வேறொன்று தொடங்குவார்கள்.

நான் செய்தது, காதில் விழுகிற எந்த மாற்றத்தையும் அலுவலகக் குறூப்பிலேயே கேள்வியாகப் போடுவது. "சேர், வியாழன் கள விஜயம் வெள்ளிக்கு மாறியதாக அறிந்தேன், சரிதானா? வாகனத்துக்கும் சொல்ல வேண்டும்." அவ்வளவுதான். யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் அவர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும், சாரதிக்கும் கணக்குப் பகுதிக்கும் அதே நேரத்தில் தெரிந்துவிடும். கொஞ்ச நாளில் சேர் தானாகவே முதலில் அங்கே போடத் தொடங்கினார். தினமும் கேட்டால் நச்சரிப்பு, திகதி, நேரம், படிவம் இந்த மூன்றுக்கும் மட்டும் கேட்டால் போதும்.

ஆள் சேர்ப்பது வேறு கதை. முழு மேசையையும் வெல்லப் பார்க்காதீர்கள், அங்கிருந்து ஒருவர் போதும், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் இல்லை, வேலையில். எங்கள் பிரிவில் ஓர் அக்காவுக்குக் கல்லாறுப் பக்கம் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். எந்த ஒழுங்கை மழைக்கு மூடும், எந்த வீட்டுக்காரர் பகலில் வயலில் நிற்பார் என்று எனக்குத் தெரியும், முதல்தடவை கூடவே போய் வந்தேன். அவவுக்குச் சுற்றறிக்கைகள் அத்துப்படி, என் பயணப்படி விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது என்று அவதான் காட்டினா. இப்படி இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கினால் உறவு நிற்கும். நான் மட்டுமே உதவிக்கொண்டிருந்தால் நல்ல பிள்ளை என்ற பெயர் வரும், ஆதரவு வராது.

ஆதரவு உண்டா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. நீங்கள் லீவில் நின்ற கூட்டத்துக்குப் பிறகு "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "ஒண்டுமில்லை, வழமைதான்" என்றால் அவர் சிரித்துப் பேசுகிற ஆள், அவ்வளவுதான். அக்கா சொன்னது: "உம்மட கிராமத்தை வேற ஆளுக்கு மாத்தப் பாத்தினம், அவ வரட்டும், கேட்டிட்டு மாத்துவம் எண்டு சொன்னனான்." மேசையில் இப்பவும் எனக்கு இடமில்லை, நான் களஞ்சியப் பொறுப்பாளரோடும் அந்த உதவியாளர் அண்ணையோடும் வெளி விறாந்தையில் சாப்பிடுகிறேன். அலுவலகத்தில் எது எப்போது வரும் என்று முதலில் தெரிகிறவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.

பொறுப்பதிகாரியே வேண்டுமென்று மறைக்கிறார் என்றால் இதொன்றும் வேலை செய்யாது. அப்போது திகதியோடு எழுதி வைத்து, மேலதிகாரிக்குக் கடிதமாகத்தான் கொடுக்க வேண்டும், பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு.