மழை நின்றால் கசிவு நின்றதாகிவிடுமா?

கோடம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் கணக்கு அலுவலகம் வாடகைக்கு இருக்கிறது. எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். அங்கிருந்து மூன்று மாதங்களில் மூன்று முறை தண்ணீர் இறங்கிவிட்டது. இன்று காலை உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். வாடகைக்கு இருக்கும் பலருக்கும் இதே நிலை என்பதால் அதில் எழுதியதை இங்கே சொல்கிறேன்.

2024 அக்டோபர் 15, சென்னையில் பெருமழை. கைப்பிடிச் சுவரை ஒட்டிய மூலையில் கூரை ஒழுகியது. மறுநாளே புகைப்படத்துடன் வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். “மழை விடட்டும் தம்பி, ஆள் அனுப்புகிறேன்” என்று பதில் வந்தது. 24ஆம் தேதி கொத்தனார் வந்து, ஈரக்கறைக்கு நேர் மேலே இருந்த தட்டோடுகளின் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாளில் அதே மூலை மீண்டும் ஒழுகியது. டிசம்பர் 1 அன்று செய்தி அனுப்பினேன், 5ஆம் தேதி மறுபடியும் அதே பூச்சு. டிசம்பர் 12 மழையில் தண்ணீர் ஓரடி நகர்ந்து மின் இணைப்புப் பலகையின் விளிம்பு வரை வந்தது. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் தானாகவே விழுந்துவிட்டது. அதன் பிறகு ஆள் வரவில்லை. ஜனவரி 6 அன்று நினைவூட்டியபோது கிடைத்த பதில் இது: “இப்போது ஒழுகவில்லையே!”

இந்தப் பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது. மழைக்காலத்தில் கேட்டால் மழை விடட்டும் என்கிறார்கள். மழை விட்ட பிறகு கேட்டால் ஒழுகவில்லையே என்கிறார்கள். அப்படியானால் வேலை நடக்க வேண்டிய மாதம் எது? கூரை வேலைக்கு ஈரமில்லாத தளம் வேண்டும். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு சில மாதங்களில் உரிந்துவிடும். ஆகவே வேலைக்கு உரிய காலம் இதுதான்.

வெள்ளை சிமெண்ட் ஏன் இருமுறையும் தோற்றது என்பதையும் எழுதியிருக்கிறேன். எங்கள் கூரையில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு இருக்கிறது, அதன் மேல் தட்டோடு. விரிசலில் நுழையும் தண்ணீர் அந்த அடுக்குக்குள்ளேயே பரவி, தளத்தில் பலவீனமான இடம் கண்ட பிறகுதான் கீழே இறங்கும். எனவே கறை தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எங்களுக்கு மழை தொடங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் சொட்டுகிறது. மழை ஓய்ந்த மறுநாள் மதியம் வரை நிற்பதில்லை. உள்ளே தண்ணீர் தேங்குகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் நீளமாக விரிசல் ஓடுவதை நானே பார்த்தேன். மழைநீர்க் குழாயின் வாயும் இலைகளால் அடைந்திருந்தது. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் அந்த மூலையில் மெல்லிய சிமெண்ட் பூச்சு எப்படித் தாங்கும்?

நான் கேட்டிருப்பது இவ்வளவுதான். சுவரோரம் இரண்டு வரிசைத் தட்டோடுகளைப் பெயர்த்து, விரிசலை அகலப்படுத்தி அடைக்க வேண்டும். மூலையில் சாய்வாகக் கலவை வைத்து, காய்ந்த பின் சுவரில் ஓரடி உயரம் வரை நீர்புகாப் பூச்சு இரண்டு கை அடிக்க வேண்டும். பின்னர் குழாய் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழே ஈரம் வருகிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். வேலை ஜனவரி 27, திங்களன்று தொடங்கி, தண்ணீர் கட்டிப் பார்ப்பது உட்பட பிப்ரவரி 8க்குள் முடிய வேண்டும்.

சுவிட்சும் பிளக்கும் பழுதானால் அது என் செலவு, மறுக்கவில்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் அட்டவணையும் அப்படித்தான் பிரிக்கிறது. அதே அட்டவணை கட்டட அமைப்பு சார்ந்த பழுதை உரிமையாளரின் பொறுப்பில் வைத்திருக்கிறது. வாடகையை ஒரு மாதமும் நான் தாமதித்ததில்லை, இனியும் நிறுத்தப்போவதில்லை. அடுத்த மழைக்குள் அந்த மின்பலகைக்குக் கீழே என் ஊழியர்கள் ஆறு பேரும் அச்சமின்றி உட்கார வேண்டும், அதுதான் என் கவலை.

கடிதத்தின் கடைசிப் பத்தி: “ஐயா, மொட்டை மாடிச் சாவி தங்களிடம் மட்டுமே இருக்கிறது. ஆள் வரும் நாளை முந்தின நாள் மாலைக்குள் தெரிவித்தால், அந்த மூலையில் உள்ள கணினிகளையும் கோப்புகளையும் நகர்த்தி இடம் விட்டு வைக்கிறோம். ஜனவரி 24க்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.”