நேர்காணல் அழைப்புக்கு எழுதும் முதல் பதில்

ரெக்ரூட்டரிடமிருந்து முதல் நேர்காணல் அழைப்பு வந்ததும் பெரும்பாலான விண்ணப்பதாரர்கள் அனுப்பும் பதில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "நன்றி, எனக்கு எந்த நேரமும் சம்மதம்." சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நேர்காணல் எடுக்கும் பக்கத்தில் சில ஆண்டுகளாக உட்கார்ந்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், பணிவாகத் தோன்றும் இந்த வரி இரு தரப்புக்கும் பயன்படுவதில்லை. எந்த நாள், எந்த மணி, எப்படி நடக்கும், எதைத் தயார் செய்து வர வேண்டும் என்ற நான்கில் ஒன்றுகூட இதனால் முடிவாவதில்லை. முடிவாகாத ஒவ்வொன்றும் நேர்காணலுக்கு முந்தைய நாள் மாலை அவசரத் தொலைபேசி அழைப்பாகத் திரும்பி வருகிறது.

ரெக்ரூட்டரின் மேசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இதன் காரணம் புரியும். நேர்காணலை எடுப்பவர் அவர் அல்லர்; குழுவின் தலைவரோ மூத்த பொறியாளரோ எடுக்கிறார். அவர்களுடைய காலண்டரில் காலியாக இருக்கும் ஸ்லாட்டுகளைப் பார்த்துத்தான் அழைப்பில் இரண்டு மூன்று நேரங்களை எழுதுகிறார். அதே நேரங்கள் வேறு விண்ணப்பதாரர்களுக்கும் போயிருக்கலாம். "எந்த நேரமும்" என்ற பதில் தேர்ந்தெடுக்கும் வேலையை மீண்டும் அவர் தலையிலேயே கட்டுகிறது. அதற்குள் நாளையும் நேரத்தையும் தெளிவாக எழுதிய இன்னொருவருக்கு அந்த ஸ்லாட் போய்விடுகிறது.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். என் சித்தப்பா மகன் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்பவன். 2025 தீபாவளி முடிந்த அந்த வாரத்தில், லண்டனில் தலைமையகம் உள்ள ஒரு நிறுவனத்தின் சென்னை ரெக்ரூட்டரிடமிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. அக்டோபர் 28 செவ்வாய் அல்லது 29 புதன், லண்டன் நேரம் பிற்பகல் 3 மணி, அடைப்புக்குறிக்குள் இந்திய நேரம் இரவு 7.30, டீம்ஸ் வழியாக ஒரு மணி நேரம், தொழில்நுட்ப உரையாடலும் அதைத் தொடர்ந்து சிறு செய்முறைப் பயிற்சியும் இருக்கும் என்று எழுதியிருந்தது. என்ன பதில் எழுதலாம் அண்ணே என்று கேட்டு எனக்கு அனுப்பியிருந்தான்.

முதலில் நேரம். பிரிட்டனில் கோடைக்கால நேரம் நடக்கும்போது லண்டனுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், அதன் பிறகு ஐந்தரை மணி நேரம். 2025இல் அந்த ஞாயிறு அக்டோபர் 26. ஆகவே அழைப்பு எழுதப்பட்ட நாளில் லண்டன் 3 மணி என்பது நமக்கு 7.30 ஆக இருந்தது உண்மைதான். நேர்காணல் நடக்கும் செவ்வாயன்று அது 8.30 ஆகிவிடும். ஒரே வரியில் எழுதப்பட்ட இரண்டு நேரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முந்தைய வாரக் கடிதத்தை நகல் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும். ரெக்ரூட்டர்களின் அவசரத்தில் இது அரிதான ஒன்றல்ல. (அமெரிக்க நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க: அங்கே கடிகாரம் மாறுவது நவம்பர் முதல் ஞாயிறு, அதாவது பிரிட்டனுக்கு ஒரு வாரம் கழித்து.) "செவ்வாய் சம்மதம்" என்று மட்டும் பதில் போட்டிருந்தால் எந்த நேரத்துக்குச் சம்மதித்தான் என்பது அவனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இதைச் சுட்டிக்காட்டுவது ரெக்ரூட்டரின் பிழையைக் குத்திக்காட்டுவதாகிவிடுமோ என்று தம்பி தயங்கினான். நானோ, சொல்லாமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்லி, எது சரி என்று கேட்டு நிறுத்திக்கொண்டால் அதில் யார் மனமும் புண்படாது. அவன் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய பதிலைத் தமிழில் தருகிறேன்:

"வணக்கம். அழைப்புக்கு நன்றி. அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை நேர்காணலில் கலந்துகொள்கிறேன். எனக்கு வசதியான நாள் அதுவே. அன்று அமையாவிட்டால் 29, புதன்கிழமையும் இந்திய நேரம் இரவு 8 மணிக்குப் பிறகு என்னால் வர இயலும்.

நேரத்தை மட்டும் உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன். 26ஆம் தேதி பிரிட்டனில் கடிகாரம் மாறுவதால், அதன் பிறகு லண்டன் பிற்பகல் 3 மணி என்பது இந்தியாவில் இரவு 8.30 ஆகும், அழைப்பில் 7.30 என்று உள்ளது. லண்டன் 3 மணியையே சரியான நேரமாக எடுத்துக்கொள்ளலாமா? செவ்வாயன்று இரண்டுமே எனக்கு ஏற்ற நேரங்கள்தாம்.

நேர்காணல் டீம்ஸ் வழியாக ஒரு மணி நேரம் நடக்கும் என்று குறித்துக்கொண்டேன். செய்முறைப் பயிற்சி பற்றி இரண்டு கேள்விகள்: அதை என் சொந்த லேப்டாப்பில் ஸ்கிரீன் ஷேர் செய்து செய்ய வேண்டுமா, நீங்கள் அனுப்பும் இணைய எடிட்டரில் செய்ய வேண்டுமா? ஜாவாவும் செலினியமும் பயன்படுத்தலாமா?

காலண்டர் அழைப்பை இந்த முகவரிக்கே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு துண்டிக்கப்பட்டால் தொடர்புகொள்ள என் கைப்பேசி எண் கீழே உள்ளது."

இந்தக் கடிதத்தில் நான் பெரிதாக மதிப்பது அந்த இரண்டு கேள்விகளைத்தான். அவற்றுக்கு ரெக்ரூட்டருக்கே விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தெரியாவிட்டால் அந்தப் பத்தியை அப்படியே நேர்காணல் எடுப்பவருக்கு ஃபார்வர்டு செய்துவிடலாம், அவரும் இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஒரு வரியில் விடை எழுதிவிடலாம். ரெக்ரூட்டருக்கு எழுதும் எந்தக் கேள்வியும் அப்படிக் கைமாற்றத் தக்கதாக இருக்க வேண்டும் என்பேன். "எந்தெந்தத் தலைப்புகளில் கேள்விகள் வரும்?" என்று கேட்டால் அதை யாருக்கும் ஃபார்வர்டு செய்ய முடியாது, செய்தாலும் "வேலை விவரத்தில் உள்ளவை" என்ற விடைதான் வரும். எந்தக் கணினியில், எந்த மொழியில் என்று கேட்டால் ஆம், இல்லை என்று விடை கிடைக்கும். அந்த விடை அடுத்த நான்கு நாள்களில் என்ன செய்ய வேண்டும் என்பதையே மாற்றிவிடும்.

எப்படி மாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இணைய எடிட்டர் என்றால் நிரலை எழுதிப் பழகினால் போதும். அது ஓடும் சூழல் அவர்கள் பொறுப்பு. சொந்த லேப்டாப் என்றால் அந்தச் சூழல் முழுவதும் நம் பொறுப்பு. அலுவலக லேப்டாப்பை இதற்கு எடுக்கக் கூடாது. தற்போதைய நிறுவனத்தின் கருவியில் வேறு வேலைக்கு நேர்காணல் கொடுப்பது முறையல்ல என்பது ஒன்று. பல நிறுவனங்களில் அந்த லேப்டாப் கண்காணிப்பில் இருக்கும், வெளியாரின் கூட்டத்தில் ஸ்கிரீன் ஷேர் செய்யவும் அது விடாமல் போகலாம் என்பது மற்றொன்று. காலண்டர் அழைப்பு தனிப்பட்ட முகவரிக்கே வர வேண்டும் என்று கடிதத்தில் கேட்டதற்கும் காரணம் இதுதான். அலுவலகக் காலண்டரில் அது தெரிந்தால் கூட வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விடும்.

மறுநாளே விடை வந்தது. லண்டன் 3 மணிதான் சரி, இந்திய நேரம் 8.30, பயிற்சி சொந்த லேப்டாப்பில், ஜாவா பயன்படுத்தலாம். அன்றிரவே வீட்டு லேப்டாப்பைத் திறந்து, பழைய பயிற்சி நிரல் ஒன்றை ஓடவிட்டிருக்கிறான். உலாவி திறக்கவே இல்லை. திரையில் வந்தது இதுதான்:

```
session not created: This version of ChromeDriver only supports Chrome version
```

குரோம் தானாகவே புதுப்பித்துக்கொண்டே போயிருக்கிறது. நிரல் குரோமை இயக்குவதற்காக எப்போதோ இறக்கி வைத்த டிரைவர் கோப்பு பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டது. உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவியான செலினியத்தை 4.11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாற்றி, பழைய டிரைவரின் இருப்பிடத்தைக் குறிப்பிடும் வரியையும் நீக்கிவிட்டால், பொருத்தமான டிரைவரை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். அரை மணி நேர வேலை. அதே அரை மணி நேரம் நேர்காணலின் நடுவே போயிருந்தால், கேட்பவர் அவனுடைய சோதனை அறிவைப் பார்ப்பதற்குப் பதிலாக அவன் பிழைச் செய்தியைக் கூகுளில் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதிலில் எதை எழுதக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சம்பளத்தை நாமாக இந்தக் கடிதத்தில் எடுக்க வேண்டாம். தற்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் ஆகியவற்றை அழைப்பிலேயே கேட்டிருந்தால் கேட்ட வரிசையில் விடை எழுதலாம். நோட்டீஸ் 90 நாள் என்றால் 90 என்றே எழுத வேண்டும், "பேசிக் குறைத்துக்கொள்ளலாம்" என்று உறுதியில்லாத வாக்கைச் சேர்க்கக் கூடாது. கொடுத்த நாள்கள் இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் காரணக் கதை தேவையில்லை. அந்த நாள்களில் இயலாது என்று ஒரு வரி, அதையடுத்து தொடக்கமும் முடிவும் குறித்த இரண்டு மாற்று நேரங்கள், அவ்வளவு போதும். தலைப்பு வரியை மாற்றாமல், சிசியில் இருப்பவர்களையும் விடாமல் பதில் போட வேண்டும், ஏனெனில் காலண்டர் அழைப்பை அனுப்பப்போகிறவர் பல நேரங்களில் சிசியில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர்தான்.

காலண்டர் அழைப்பு வந்ததும் அதில் சம்மதம் கொடுப்பது தனி வேலை. கொடுப்பதற்கு முன் அது கைப்பேசியில் எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கைப்பேசியின் நேர மண்டலம் சரியாக இருந்தால் நேரத்தை அதுவே இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டும். தம்பியின் கைப்பேசி 8.30 என்று காட்டியது. அது 7.30 என்று காட்டியிருந்தால், கடிதத்தில் பேசி முடித்தது காலண்டருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். உடனே அதே கடிதத் தொடரில் கேட்டிருக்க வேண்டும்.

கேள்விகளுக்கு விடையே வராமலும் போகலாம். ஒரு முழு வேலை நாள் பொறுத்திருந்து அதே தொடரில் ஒரு வரி நினைவூட்டலாம்; அதற்கும் பதில் இல்லை என்றால் தொலைபேசியில் கேட்கலாம். ஆனால் விடைக்காகத் தயாரிப்பை நிறுத்தி வைக்கக் கூடாது. இரண்டில் வேலை அதிகமுள்ள வாய்ப்பையே எடுத்துக்கொண்டு, சொந்த லேப்டாப்பில்தான் பயிற்சி என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் இணைய எடிட்டரின் லிங்க் வந்தாலும் அதனால் நட்டமொன்றும் இல்லை.