குடல் முறுக்கு: ஆமணக்கெண்ணெய் பகிர்வு தவறு

“வயது போனாக்களுக்கு குடல் முறுக்கினா ஆமணக்கெண்ணெய் காணும். ஆஸ்பத்திரியில குழாய் விட்டுச் சரியானா ஒப்பரேசன் தேவையில்ல.” – வன்னிக் குழுக்களில் சுற்றும் வட்ஸ்அப் பகிர்வு

இரண்டுமே பிழை. பெருங்குடலின் கடைசி வளைவு தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் வழி அடைபடும். பேதி மருந்து அந்த அடைப்பின் மேலேயே குடலை இன்னும் இறுக்கும்.

வயிறு ஊதி, காற்றும் மலமும் போகாமல் நின்றால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குடல் அழுகாதவரை, மலவாசல் வழியாகக் கமராக் குழாயை மெல்ல ஏற்றி முறுக்கைத் தாண்டுவார்கள்; காற்றும் நீரும் பீறிட்டு வெளியேற வயிறு தணியும். மறுபடி சுற்றாதிருக்க மென்குழாயொன்றை 1 முதல் 3 நாள் விட்டுவைப்பார்கள்.

ஆனால் நீண்டு தொங்கும் வளைவு அப்படியே இருக்கிறது. வெட்டாமல் விட்டால் பலருக்குத் திரும்ப முறுக்கும். அதனால், உடல் தாங்கக்கூடியவருக்கு அதே முறை வைத்தியசாலையில் இருக்கும்போதே அந்தத் துண்டை அகற்றுவதை அமெரிக்கப் பெருங்குடல் சத்திரசிகிச்சையாளர் சங்கத்தின் 2021 வழிகாட்டியும் பரிந்துரைக்கிறது. மிகத் தளர்ந்தவருக்கு முடிவு வேறாகலாம். விடுதிச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். கடும் நோவு, காய்ச்சல், இரத்தம் கலந்த மலம் என்றால் குழாய்க்கு நேரமில்லை, நேரே சத்திரசிகிச்சைதான்.

இந்தப் பகிர்வை மேலும் அனுப்பாதீர்கள்.