ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்
"வாடகை கொடுப்பது ஆற்றில் போட்ட காசு, கடன் வாங்கியாவது சொந்த வீடு வாங்குங்க" என்கிறது இந்தக் கட்டுரை. அப்போ வட்டி எந்தக் கணக்கு? பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் 11,000 வாடகைக்கு இருக்கேன். போன வருஷம் வீட்டுக்காரர், "50 லட்சம், நீங்களே எடுத்துக்கிடுங்களேன்" என்றார். அன்று ராத்திரி கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பேங்க் 80 சதவீதம்தான் தரும். மீதி 10 லட்சம், அதோடு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9 சதவீதம் என 4.5 லட்சம், ஆக 14.5 லட்சம் கைக்காசு. அது இப்போ டெபாசிட்டில் 7 சதவீதத்தில் மாதம் சுமார் 8,450 கொடுக்குது. எடுத்தால் அது நின்றுபோகும். இதைத்தான் கட்டுரை மறந்துவிட்டது. 40 லட்சம் கடனுக்கு 8.5 சதவீதத்தில், 20 வருஷத்துக்கு இ.எம்.ஐ. 34,700, முதல் மாதம் அதில் 28,300 வெறும் வட்டி. அசல் நம்ம சேமிப்பு, விட்டுவிடுவோம். ஆக, இந்த வட்டியும் நின்றுபோகும் டெபாசிட் வரவும் சேர்த்துத் திரும்பி வராத காசு மாதம் 36,750. வாடகையைக் கழித்தாலும் வருஷத்துக்கு 3 லட்சத்துக்கு மேல். அதாவது வீட்டின் விலை வருஷம் 6 சதவீதம் ஏறினால்தான் எனக்குச் சரிக்குச் சரி. நிலம் ஏறலாம், போர்டிகோவில் காரை உதிர்ந்து துருக்கம்பி தெரியுற கட்டடம் ஏறுமா? இது ஆரம்ப வருஷக் கணக்குதான். வாடகை கூடக்கூட, வட்டி குறையக்குறைய மாறும். 15 வருஷம் அங்கேயே இருப்பவர் வாங்கலாம், எனக்கு அடிக்கடி மாற்றல் வரும். மேலே கருத்து எழுதிய ஒருவர், "வாடகைக்கு இருந்தால் மிச்சமாகும் காசைச் சேமிக்கவா போறீங்க?" என்று கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. சம்பளம் விழுந்த மறுநாளே ஆர்.டி.க்குப் போகும்படி வைத்திருக்கேன். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் வந்தப்போ மட்டும் இரண்டு மாதம் தவறிட்டு.