குக்கர் விசிலும் அம்மாவின் தொடைத் தசையும்

அம்மாவுக்கு 69 வயது. குக்கரில் பருப்பை வைத்துவிட்டு விசில் எண்ணிக்கொண்டிருப்பார். நடுவில் போன் அடித்தால் போச்சு, இரண்டா மூன்றா என்று தெரியாது. "எல்லாம் மறந்து போகுதுடி, தினமும் நடந்தும் பிரயோஜனமில்லை" என்று போன வருடம் ஒருநாள் கண்கலங்கினார். எட்டு வருடமாக மாலை நடையை விடாதவர். அந்த வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்தேன்.

நடையைப் பற்றி அதிகம் பேசப்படுவது 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. 55 முதல் 80 வயது வரை 120 பேர். பாதிப் பேர் வாரம் மூன்று நாள் நடந்தார்கள், மீதிப் பேர் உடலை நீட்டி வளைக்கும் லேசான பயிற்சி செய்தார்கள். நடந்தவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரம் ஐந்து நிமிடம் கூட்டி, ஏழாவது வாரத்தில் 40 நிமிடத்தை எட்டினார்கள். ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தால், புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி நடந்தவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது.

வாட்ஸ்அப்பில் வருவது இதுவரைதான். அதே ஆய்வில் ஞாபகப் பரிசோதனையும் வைத்தார்கள். அதில் இரண்டு குழுவுமே முன்னேறியது, நடந்தவர்கள் தனியாக ஜெயிக்கவில்லை. நடந்தவர்களுக்குள் யாருக்கு அந்தப் பகுதி அதிகம் வளர்ந்ததோ அவர்களுக்கு ஞாபகமும் அதிகம் கூடியது, அவ்வளவுதான். இன்னொன்று, அவர்கள் நடந்தது நாடித்துடிப்பு ஏறும் வேகத்தில். அம்மா நடப்பதோ பக்கத்து வீட்டு அத்தையோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த மூச்சுதான் சரியான வேகம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது, குக்கர் விசில் ஞாபகப் பிரச்சினையே இல்லை. போன் சத்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ள முடியாதது கவனப் பிரச்சினை. இதை அளக்க ஸ்ட்ரூப் என்று ஒரு சோதனை இருக்கிறது. 'சிவப்பு' என்ற சொல் நீல மையில் அச்சாகியிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். வாய் 'சிவப்பு' என்று சொல்லத் துடிக்கும், அதை அடக்க வேண்டும்.

கனடாவின் வான்கூவரில் 65 முதல் 75 வயது வரையான 155 பெண்களை வைத்து ஒரு வருடம் ஆய்வு செய்தார்கள். எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு இந்தச் சோதனையில் 11 முதல் 13 சதவீதம் வரை முன்னேற்றம். சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு எதுவும் கூடவில்லை. வாரம் ஒருமுறை செய்தவர்களுக்கும் பலன் கிடைத்தது, ஆனால் வாரம் இருமுறை செய்தவர்களைவிட அவர்கள்தான் தசை, மூட்டு வலி என்று அதிகம் சொன்னார்கள். அதனால் நான் இரண்டு நாள் என்று முடிவு செய்தேன்.

செவ்வாய், வெள்ளி. முட்டி உயர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மூன்று எண்ணிக்கையில் மெதுவாக உட்கார வேண்டும். முதல் நாள் ஐந்தாவது முறையே கையை ஊன்றினார். எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு முறை என்று சுலபமாக வந்ததும், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழச் சொன்னேன். இப்போது நான்கு லிட்டர். எடையைக் கூட்டாமல் ஒரே அளவில் நிற்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முதுகு வளையக் கூடாது. தொடை களைத்தால் சரி, முட்டிக்குள் குத்தினால் நிறுத்திவிட வேண்டும். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும், அதனால் வாய்விட்டு எண்ணச் சொல்கிறேன். இதயக் கோளாறோ, கட்டுக்குள் இல்லாத பிரஷரோ இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது.

விசில் எண்ணிக்கை இப்போதெல்லாம் தவறுவதில்லை என்கிறார் அம்மா. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.

டிமென்ஷியா வந்துவிட்டவர்களின் கதை வேறு. இங்கிலாந்தில் 494 நோயாளிகளை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், நான்கு மாதக் கடும் பயிற்சியில் உடல் வலுத்தது, அறிவுத் திறன் சரிவது நிற்கவில்லை. அப்படிப்பட்ட அப்பாவையோ அம்மாவையோ "நடக்கவில்லை, அதனால்தான் மறக்கிறது" என்று தயவுசெய்து திட்டாதீர்கள். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இரண்டு மூன்று நாளில் குழம்பிப் பேசினால் அது வயதும் அல்ல, நடைக் குறைவும் அல்ல. சிறுநீர்த் தொற்றோ ரத்தத்தில் சோடியம் இறங்கியதோ காரணமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.