ஒரு வரிக்கு எதிரே இரண்டு பெயர்கள்

குறுகிய காலத் திட்டத்தில் இருவர் "இது என் வேலை" என்று மோதிக்கொள்ளும்போது, குழுவை நடத்துபவர் முதலில் அவர்களுடைய குணத்தைத்தான் ஆராயத் தொடங்குகிறார். நானும் ஒருமுறை அதைச் செய்து நான்கு வேலை நாட்களை இழந்தேன்.

அது ஆறு வாரத் திட்டம். பழைய மென்பொருளில் இருந்த வாடிக்கையாளர் பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். தரவை எடுத்து ஏற்றுவது ஒருவருடைய பொறுப்பு, சோதனை இன்னொருவருடைய பொறுப்பு. நான் தயாரித்த வேலைப் பட்டியலில் "தரவுச் சரிபார்ப்பு" என்ற வரிக்கு எதிரே மட்டும் இருவருடைய பெயர்களும் இருந்தன. ஒத்துழைப்புக்காக அப்படிப் போட்டேன் என்று அன்று சொல்லிக்கொண்டேன். யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கச் சோம்பினேன் என்பதே உண்மை.

மூன்றாவது வாரத்தில், ஒரே தொலைபேசி எண் கொண்ட 340 பதிவுகளை இரட்டைப் பதிவுகள் என்று கருதி ஏற்றுபவர் நீக்கிவிட்டார். எண்ணிக்கை குறைவதைக் கவனித்த சோதனையாளர், அவற்றில் பல ஒரே எண்ணைப் பயன்படுத்தும் குடும்பத்தினருடையவை என்று அறிந்து, யாரிடமும் கேட்காமல் அத்தனையையும் திரும்பச் சேர்த்தார். மறுநாள் காலைக் கூட்டத்தில் ஒருவர் "என் வேலையில் கை வைக்கிறார்" என்றார். மற்றவர் "என்னைக் கேட்காமல் நீக்க இவர் யார்" என்றார். நான் இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர்கள் பேசினார்கள், ஆனால் தத்தம் பக்கத்தைக் காப்பதற்காகவே பேசினார்கள். பிறகு, பதிவுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தருகிறேன் என்றேன். நியாயம்போலத் தோன்றிய இந்த யோசனைதான் மிக மோசமானது, ஏனெனில் ஒரே தரவுக்குள் இரண்டு விதிகள் ஓடத் தொடங்கியிருக்கும். நல்லவேளையாக இருவருமே அதை மறுத்தார்கள். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

நிறுவன மேம்பாட்டு அறிஞர் ரிச்சர்ட் பெக்கார்ட் 1972இல் குழுக்களைப் பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்த ஒரு வரிசை உண்டு: குறிக்கோள், பொறுப்புகள், செயல்முறை, கடைசியாக மனித உறவு. சிக்கல் வந்தால் இந்த வரிசையிலேயே தேட வேண்டும் என்பார்கள். நான் கடைசியிலிருந்து தொடங்கியிருந்தேன். இவ்விருவரின் இடத்தில் வேறு இருவரை வைத்தாலும் இதே சண்டை வந்திருக்குமா என்று கேட்டுப் பார்த்தபோது, கட்டாயம் வந்திருக்கும் என்பதே பதிலாக இருந்தது.

அதன்பின் இருவரையும் தனித்தனியாகச் சந்தித்து, மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்டேன்: இந்த வேலையில் உங்களுடையது எது, மற்றவருடையது எது, கருத்து வேறுபட்டால் இறுதி முடிவு யாருடையது? எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வாய்ப்பேச்சில் குற்றச்சாட்டு எளிதாக நுழைந்துவிடும். "எது" என்று எழுதத் தொடங்கினால் வேலையின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. ஒருவருக்குச் "சரிபார்ப்பு" என்பது ஏற்றுவதற்கு முன் தரவைச் சுத்தம் செய்வது. மற்றவருக்கு அது ஏற்றிய பின் ஒப்பிட்டுப் பார்ப்பது. அவரவர் பொருளில் இருவரும் சரி. எந்தப் பதிவு இரட்டைப் பதிவு என்று தீர்மானிப்பது யார் என்பதோ இரண்டு தாள்களிலும் இல்லை. வேலை இருவர் கையிலும் இருந்தது, முடிவு யார் கையிலும் இல்லை.

அந்த வரியை மூன்றாக உடைத்தேன். ஏற்றும் முன் சுத்தம் செய்வது முதலாமவருக்கு, ஏற்றிய பின் ஒப்பிடுவது சோதனையாளருக்கு, இரட்டைப் பதிவுக்கான விதி வாடிக்கையாளர்களை நேரில் அறிந்த சேவைப் பிரிவினர் ஒருவருக்கு. தவறு தெரிந்தால் சோதனையாளர் தாமே திருத்தாமல் குறிப்பு எழுதுவார், ஏற்றுபவர் அன்றைக்குள் பதில் தருவார் என்றும் பேசிக்கொண்டோம். விரிவான பொறுப்பு அட்டவணை எதையும் தயாரிக்கவில்லை. மூன்று வாரமே மிச்சமிருக்கையில் அதை நிரப்பி முடிப்பதற்குள் திட்டமே முடிந்துவிடும். "இறுதி முடிவு யாருடையது" என்ற ஒரே ஒரு நெடுவரிசையைப் பட்டியலில் சேர்த்து, அதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் மட்டுமே இருக்க வேண்டும் என்று வைத்தோம்.

பட்டியலைக் காட்டுவதற்கு முன் "இரண்டு பெயர்களைப் போட்டது என் பிழை" என்று இருவர் முன்னிலையிலும் சொன்னேன். அதைச் சொல்லாதிருந்தால், புதிய பிரிவினையை ஒருவர் வெற்றியாகவும் மற்றவர் தோல்வியாகவும் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வழி எல்லாச் சண்டைக்கும் பொருந்தாது. இரண்டு தாள்களும் வரிக்கு வரி ஒத்திருந்து, அதன் பின்னும் மோதல் நீடித்தால், அங்கே சிக்கல் பொறுப்பில் இல்லை. நற்பெயர் யாருக்குக் கிடைக்கும் என்பதிலோ பழைய காயத்திலோ இருக்கும். எங்கள் திட்டத்திலும் அதன் சாயல் கொஞ்சம் இருந்தது. இறுதி விளக்கக் கூட்டத்தில் யார் பேசுவது என்று மீண்டும் உரசல் வந்தது. அதற்குத் தாள் எதுவும் கேட்கவில்லை. அவரவர் செய்த பகுதியை அவரவரே விளக்கட்டும் என்று அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டேன். இருவரும் பேசினார்கள். ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்ளவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை.